சேர்த்தால் மாற்றியதாகுமா?

“நாங்க எதையும் மாத்தலைண்ணே, புதுசா ஒண்ணு சேர்த்தோம், அவ்வளவுதான்” என்றேன். “என் பக்கம் நின்னுபோச்சே தம்பி, அப்ப அதுக்குப் பேரு என்ன?” என்றார் மதுரை டீலர். அதற்கு நான் விதியைச் சொன்னேன். இன்றும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் அது அவர் கேள்விக்கான பதில்தானா என்பதில் சந்தேகம்.

மழைக்காலத்தில் ஆத்தங்குடிக் கல் லேசில் காயாது. ஒரே ஆர்டரில் பாதி தயாராக இருக்கும், மீதி தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். டீலர்களின் புரோகிராம்கள் ஆர்டர் நிலையைக் கேட்கும் எங்கள் ஏபிஐயில் அதுவரை `PENDING`, `READY` என இரண்டே நிலைகள். பட்டறைக்காரர்கள் கேட்டதால் `PARTIAL` சேர்த்தோம். இருக்கும் விவரத்தை நீக்கினாலோ, பெயரையோ வகையையோ மாற்றினாலோதான் புதிய பதிப்பு என்பது எங்கள் விதி. இது வெறும் சேர்ப்பு என்பதால் இருந்த பதிப்பான v1இலேயே போட்டோம்.

டீலரின் பில்லிங் புரோகிராமுக்குத் தெரியாத நிலை எதுவானாலும் பிழைதான். உடனே மறுபடி கேட்கும். நிமிடத்துக்கு 60 அழைப்பு என்ற வரம்பைத் தாண்டியதும் எங்கள் சர்வர் இப்படிச் சொன்னது:

```
HTTP/1.1 429 Too Many Requests
Retry-After: 60
```

ஒரு நிமிடம் பொறு என்று அர்த்தம். அதையும் பிழை என்று எடுத்துக்கொண்டு அது இன்னும் வேகமாகக் கேட்டது. லாகில் திரை முழுக்க ஒரே ஆர்டர் எண்.

வரம்பு தன் வேலையைச் செய்தது. மற்ற டீலர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இவருடைய எல்லா அழைப்புகளுக்கும் ஒரே சாவி, ஒரே கணக்கு. நிலை கேட்டே ஒதுக்கீடு தீர்ந்ததால், முழுதாகத் தயாரான வேறொரு ஆர்டருக்கு லோடு சீட்டு எடுக்க முடியவில்லை. லாரி பட்டறை வாசலில் நின்றது. வரம்பை உயர்த்தச் சொன்னார், மறுத்தேன். 600 கொடுத்தால் 600ஐயும் அந்த ஒரே கேள்வி தின்றிருக்கும். நிலை கேட்பதற்குத் தனி வரம்பு, சீட்டுக்குத் தனி வரம்பு என்று பிரித்திருந்தால் லாரி போயிருக்கும். இப்போது பிரித்துவிட்டோம்.

அன்றைக்குச் செய்தது இதுதான்: v1இல் கேட்பவர்களுக்கு `PARTIAL` வரும் இடத்தில் `PENDING` என்றே அனுப்பினோம், உண்மை நிலை v2இல் மட்டும். புரோகிராம் அடங்கியது. ஆனால் பாதிக் கல் தயார் என்று தெரிந்தும் தயாரில்லை என்கிறோம். பட்டறைக்காரர்கள் கேட்டது இதையா?

அப்புறம் v1 நிறுத்தப்படும் தேதியை `Sunset` என்ற ஹெட்டரில் போட்டு அனுப்பினோம். ஹெட்டரைப் பார்க்கத் தெரிந்த புரோகிராம் என்றால் `Retry-After`ஐயே பார்த்திருக்குமே! அதனால் v1ஐ யார் இன்னும் கூப்பிடுகிறார்கள் என்று சாவிவாரியாக எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். மற்றவர்கள் மாறிவிட்டார்கள். மதுரைக்காரருக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் இப்போது கிடைப்பதில்லையாம். தேதியைத் தள்ளி வைத்திருக்கிறேன். விதிப்படி தள்ளக் கூடாது.