காபித் தூள் கடைக்காரர் மாதிரி எழுதுவது

2023 அக்டோபரில் கோவையில் ஒரு சின்ன ஏஜென்சியில் கன்டென்ட் இன்டர்னாகச் சேர்ந்தேன். என் கைக்கு வந்தது ஒரு காபித் தூள் பிராண்ட். கும்பகோணம் பக்கம் தூள் அரைத்துக் கூரியரில் அனுப்பும் குடும்பத் தொழில். வாரத்துக்கு நான்கு இன்ஸ்டாகிராம் போஸ்ட், தமிழில்.

பிராண்டின் டோன் என்று ஒரு பக்கம் கொடுத்தார்கள். 'அன்பானது, நேர்மையானது, பாரம்பரியமானது' என்று இருந்தது. அதை வைத்து நகைக்கடைக்கும் எழுதலாம், பள்ளிக்கூடத்துக்கும் எழுதலாம். நான் எழுதிய முதல் போஸ்ட் இது:

"காபி பிரியர்களே! உங்கள் காலையை உற்சாகமாக்க சுத்தமான, மணமான ஃபில்டர் காபி! இன்றே ஆர்டர் செய்யுங்கள்!"

சீனியர் அக்கா இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். முதலாவது, 'காபி பிரியர்களே'. "கடைக்கு வர்றவங்கள ஓனர் இப்படியா கூப்பிடுவாரு?" என்றார். இரண்டாவது, 'சுத்தமான'. அந்தத் தூளில் 80 சதவீதம் காபி, 20 சதவீதம் சிக்கரி. இந்த அளவைப் பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டில் ஒன்றும் கேப்ஷனில் இன்னொன்றும் சொன்னால் முதல் கமெண்டிலேயே யாராவது பிடித்துவிடுவார்கள்.

அப்புறம் அக்கா ஒரு வேலை கொடுத்தார். ஓனர் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் நோட் இருபதை வாங்கி, ஒரு சொல் விடாமல் எழுதச் சொன்னார். இரண்டு சாயங்காலம் ஆனது. டிகாக்‌ஷன் இறங்கவே இல்லை என்று புகார் சொன்ன ஒருவருக்கு ஓனர் சொன்ன பதில்: "தூளை ரொம்ப அமுக்கிட்டீங்க. லேசா தட்டி சமப்படுத்துங்க, போதும். தண்ணி கொதிச்சதும் ஊத்துங்க."

இருபதையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஆள் பிடிபட்டார். கேள்விக்குப் பதில் முதல் வரியிலேயே வந்துவிடும். ஒரு காரணம்தான் சொல்வார். தன் தூளைத் தானே புகழ்வதில்லை. 'வாங்குங்க' என்ற சொல்லை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எல்லோரும் 'நீங்க'தான். ஆச்சரியக்குறி போடுகிற அளவுக்குக் குரல் எங்கேயும் உயரவே இல்லை. கொடுத்த பக்கத்தில் இருந்த மூன்று சொல்லும் பொய்யில்லை, ஆனால் எழுத உதவியது இதுதான்.

அடுத்த டிராஃப்டில் எதிர்ப்பக்கமாக விழுந்தேன். "அமுக்கிப்புட்டா எறங்காது, பாத்துக்கிடுங்க" என்று எழுதினேன். அக்கா சிரித்துவிட்டு, "இது மிமிக்ரி. அவர் பேச்ச எடுக்காத, அவர் எத மொதல்ல சொல்றாரு, எங்க நிறுத்துறாருன்னு மட்டும் எடு" என்றார். மூன்றாவது இப்படி வந்தது:

"டிகாக்‌ஷன் இறங்கலையா? தூளை அதிகமா அமுக்கியிருப்பீங்க. லேசா தட்டிவிட்டாலே போதும். எங்க தூளில் 20 சதவீதம் சிக்கரி. அது தண்ணியைப் பிடிச்சு வைக்கும், மெதுவாத்தான் விடும்."

மறைக்கப் பார்த்த சிக்கரியே இங்கே காரணமாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஓனர் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

நீளம் தனித் தலைவலி. போனில் கேப்ஷனின் முதல் ஓரிரு வரிதான் தெரியும், மிச்சம் மடங்கிவிடும். அதனால் கேள்வியோ பதிலோ முதலில் வந்தாக வேண்டும். ஒரு சில போஸ்ட்களை எக்ஸ் தளத்திலும் போடுவோம். அங்கே இலவசக் கணக்குக்கு 280 எழுத்து. 'காபி' நமக்கு இரண்டு எழுத்து, அங்கே நான்கு. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். முடிந்துவிட்டது என்று நினைத்த வரி நடுவில் சிவப்பாகி நிற்கும்.

டிசம்பர் 4 திங்கட்கிழமை. முந்தைய வாரமே ஷெட்யூல் செய்து வைத்த போஸ்ட் காலை ஏழு மணிக்குப் போனது: "மழை விட வேண்டாம். டம்ளர் காலியாகாம இருந்தா சரி." கோவையில் உட்கார்ந்து எழுதியது. மிக்ஜாம் புயலில் சென்னை அன்று தண்ணீரில் நின்றது. இந்த பிராண்டின் ஆர்டரில் பாதி சென்னைக்குத்தான். டோன் சரியாகத்தான் இருந்தது, ஓனர் சொல்லக்கூடிய வரிதான். ஆனால் அந்தக் காலையில் அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். மூன்றாவது கமெண்டில் ஒருவர், "வீட்டுக்குள்ள தண்ணி, கரண்ட் இல்ல, காபியா?" என்று கேட்டிருந்தார். அழித்தேன். அக்காவுக்கும் ஓனருக்கும் போன் செய்து சொன்னேன். ஷெட்யூலில் இருந்த மற்ற மூன்றையும் நிறுத்தினேன்.

பதிலாக என்ன போடுவது என்று ஏஜென்சி குழுவில் பேச்சு ஓடியது. 'சென்னையே, உன்னோடு நாங்கள்' என்று ஒருவர் எழுதிக் காட்டினார். நான் வாய்ஸ் நோட்களை எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு வரி எழுதினேன்:

"காலையில் போட்ட போஸ்ட் தப்பு. எடுத்துட்டோம். சென்னை ஆர்டர் எதுவும் இன்னைக்கு அனுப்பல. தண்ணி வடிஞ்சதும் சொல்லுங்க, அப்ப புதுசா அரைச்சு அனுப்பறோம்."

ஓனருக்கு அனுப்பினேன். "இத நான் எப்பம்மா சொன்னேன்?" என்று வாய்ஸ் நோட் வந்தது. பின்னாலேயே இன்னொன்று: "சரி, போடுங்க."