தரைதான் இழுக்கிறது என்றார்

"நீங்க சொல்றதைத்தான் சார் செய்றேன். தரைதான் என்னை உள்ள இழுக்குது." அன்றைய மூன்றாவது செட்டை முடித்துப் பார்பெல்லைத் தாங்கியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் சொன்னது இது. நான் உடனே, "தரை இழுக்காது மேடம், உங்க இடுப்புத் தசை பலவீனமா இருக்கு, அதான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். இது நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. என் பதிலின் வேகம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அவருக்கு நாற்பத்தொரு வயது. எட்டு மாதமாக என்னிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார், வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், அதாவது தோளில் பார்பெல்லைத் தாங்கி உட்கார்ந்து எழும் பயிற்சி. எடை 40 கிலோவைத் தொட்ட பிறகு, கீழே இறங்கும்போதே வலது முழங்கால் உள்பக்கம் சாயத் தொடங்கியது. இடது முழங்கால் நேராக நின்றது. நான் அதைக் கவனிக்காமல் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது என்பதை என் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் எழுதியதோடு சரி, அது எதைக் காட்டுகிறது என்று யோசிக்கவில்லை. முழங்கால் உள்ளே போனால் "முட்டியை வெளிய தள்ளுங்க" என்று சொல்வது எங்கள் தொழிலில் அனிச்சையாக வரும் வாக்கியம். மூன்று செட், செட்டுக்கு எட்டு முறை. கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். பிறகு முழங்கால்களுக்குச் சற்று மேலே ரப்பர் பேண்டையும் மாட்டினேன். பேண்ட் தொடைகளை உள்ளே இழுக்கும், அதை எதிர்த்து வெளியே தள்ளும்போது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள் வேலை செய்யும் என்பது அதன் கணக்கு.

அவர் தள்ளினார். முழங்கால் நேராகவும் தெரிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து வலது கணுக்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான், அதுவரை முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தவன் பாதத்தைப் பார்த்தேன்.

ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, பெருவிரலின் அடிப்பந்துக்குக் கீழே, ஷூவுக்கும் தரைக்கும் இடையில் வைத்தேன். எடையில்லாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே முழங்காலை வெளியே தள்ளி இறங்கச் சொல்லி, பாதி வழியில் அதை மெல்ல இழுத்தேன். இடது பக்கம் காகிதம் நகரவில்லை, இன்னும் இழுத்திருந்தால் கிழிந்திருக்கும். வலது பக்கம் ஒரு தடையும் இல்லாமல் என் கையோடு வந்துவிட்டது. முழங்காலை வெளியே தள்ளுவதற்காக அவர் பாதத்தையே வெளி விளிம்புக்கு உருட்டியிருந்தார். குதிகால், பெருவிரல் அடி, சிறுவிரல் அடி என்ற மூன்று புள்ளிகளில் நிற்க வேண்டிய பாதம் இரண்டில் நின்றது. கண்ணாடியில் நான் பார்த்து மகிழ்ந்த நேரான முழங்காலுக்கு அந்தக் கணுக்கால்தான் விலை கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்ததாகச் சுவர்ச் சோதனை செய்தேன். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரல் நுனி சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும்போது கடைசியாகத் தொட முடிகிறது என்பதுதான் அளவு. சுமார் 10 செ.மீ. இருந்தால் ஆழமான ஸ்குவாட்டுக்குப் பொதுவாகப் போதும் என்பது நான் கைக்கொள்ளும் கணக்கு. அவருடைய இடது பக்கம் 11 செ.மீ. வந்தது. வலது பக்கம் 5.

இந்த அளவு கைக்கு வந்ததும் தரை இழுக்கிறது என்ற அவருடைய வார்த்தை எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது. நாம் கீழே இறங்கும்போது கெண்டைக்கால் எலும்பு பாதத்தின் மேல் முன்னோக்கிச் சாய வேண்டும். கணுக்கால் அதற்கு இடம் தராவிட்டால் உடல் ஏதாவது ஒரு வழியைத் தேடும். ஒன்று குதிகால் எழும்பும், அல்லது முதுகு அதிகமாக முன்னால் குனியும், அல்லது பாதத்தின் உள்வளைவு தட்டையாகிப் பாதம் உட்பக்கமாகச் சரியும். பாதம் சரியும்போது கெண்டைக்கால் எலும்பு உள்நோக்கித் திரும்புகிறது, அதன் மேல் இருக்கும் முழங்காலும் கூடவே போகிறது. நாங்கள் முழங்காலின் தவறு என்று சொல்வது பல நேரங்களில் அதற்கு மேலேயோ கீழேயோ தொடங்குகிறது. அவருக்குக் கீழேயிருந்து தொடங்கியது. தன் உடலில் உணர்ந்ததை அவர் மிகத் துல்லியமாகவே சொல்லியிருக்கிறார். துல்லியமில்லாமல் பேசியவன் நான்.

ஆனாலும் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இடுப்புத் தசை என்று நான் சொன்னது பொய்யான காரணம் அல்ல. தொடை எலும்பு உள்ளே சாயாமலும் உள்நோக்கிச் சுழலாமலும் பிடித்து நிறுத்துவதில் பிட்டத் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை தளர்வாக இருப்பவர்களுக்கு முழங்கால் சாய்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அவர்களில் பலர் அந்த ஒரே வாக்கியத்தால் திருந்தியும் இருக்கிறார்கள். என்னுடைய குற்றம் தவறான காரணத்தைச் சொன்னதா, சரியான காரணங்களில் ஒன்றைச் சோதிக்காமல் சொன்னதா என்று இன்றும் எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை. பிறகு சோதித்தபோது, பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்திக் கையின் அழுத்தத்தைத் தாங்குவதில் அவருடைய இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. படியிலிருந்து ஒற்றைக் காலில் மெல்ல இறங்கச் சொன்னபோது மட்டும், வலது காலில் நின்றால் இடுப்பு ஆடியது. அதை இடுப்பின் பலவீனம் என்று எழுதிக்கொள்ள என் மனம் விரும்பியது. வளைய மறுக்கும் கணுக்காலின் மேல் நின்று இறங்கினால் யாருடைய இடுப்பும் ஆடக்கூடும் என்பதையும் நான் அறிவேன்.

காரணத்தைப் பிரித்தறிய இன்னும் எளிய வழி ஒன்று இருந்தது, அதை முதல் நாளே செய்திருக்கலாம். இரண்டு குதிகால்களுக்கும் அடியில் 2.5 கிலோ பிளேட் ஒவ்வொன்றை வைத்து ஸ்குவாட் செய்யச் சொல்வது. குதிகால் உயர்ந்தால் கணுக்கால் வளைய வேண்டிய அளவு குறைகிறது. அப்போது முழங்கால் தானாக நேரானால் சந்தேகம் கணுக்காலின் மேல் விழும். அப்போதும் சாய்ந்தால் இடுப்பையோ எடையையோ பழக்கத்தையோ பார்க்க வேண்டும். அவர் பிளேட்டுகளின் மேல் நின்று இறங்கினார். வலது முழங்கால் ஷூ லேஸுக்கு நேர் மேலே, நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே, இறங்கி ஏறியது. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

அன்று மாலை அவருடைய சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "மூன்று வருடம் முன்பு வலது கணுக்கால் சுளுக்கு" என்று அதில் இருந்தது. கையெழுத்து என்னுடையது.

அதன் பிறகு செய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எடையை 25 கிலோவுக்கு இறக்கினேன், பேண்டைக் கழற்றினேன், குதிகாலுக்கு அடியில் பிளேட்டைத் தொடரச் சொன்னேன், கால் நுனிகளைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி நிற்கவைத்தேன். மூன்று வினாடி எண்ணி இறங்கி, அடியில் ஒரு வினாடி நின்று ஏற வேண்டும். தினமும் வீட்டில் அதே சுவரின் முன்னால் நின்று, குதிகால் எழாமல் முழங்காலை முன்னும் பின்னும் அசைக்கும் பயிற்சி, பத்துப் பத்தாக இரண்டு முறை. சொல்லும் குறிப்பையும் மாற்றினேன். "முட்டியை வெளிய தள்ளுங்க" என்பதற்குப் பதிலாக, "காகிதத்தை விடாதீங்க, முட்டி லேஸ் முடிச்சுக்கு மேலயே வரட்டும்" என்றேன். முதல் குறிப்புக்கு எல்லை கிடையாது, எவ்வளவு தள்ளினாலும் இன்னும் தள்ளலாம் என்று தோன்றும். இரண்டாவதில் எங்கே நிறுத்த வேண்டும் என்பது குறிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதோடு பெருவிரலைத் தரையில் கட்டியும் வைக்கிறது. பாதங்கள் நகராமலேயே தரையை இரண்டு பக்கமும் விரித்துக் கிழிப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வதும் வேறு சிலருக்கு உதவியிருக்கிறது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. வெளி விளிம்புக்கு உருளும் பாதத்துக்கு அது அதே பழைய நோயைத் திரும்பக் கொடுக்கும் என்று பயந்தேன்.

ஆறு வாரத்தில் வலது பக்கம் 5 என்றிருந்தது 7.5 செ.மீ. ஆனது. கணுக்கால் வலி போய்விட்டது.

இதை இங்கேயே முடித்தால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் எடை 45 கிலோவுக்கு ஏறிய நாளில், குதிகாலுக்கு அடியில் பிளேட் இருக்கும்போதே, ஐந்தாவது முறை அடியிலிருந்து எழும் தருணத்தில் முழங்கால் மறுபடி உள்ளே போனது. இம்முறை இரண்டு முழங்கால்களும் சேர்ந்து, ஏறத்தாழ இரண்டு விரல் அகலம் சாய்ந்து, பாதி உயரம் வந்ததும் தானாகவே நேராகின. காகிதம் நகரவில்லை. இறங்கும்போது சாய்வது ஒன்று, கனத்தோடு எழும்போது சாய்வது வேறு. ஆழத்தில் இடுப்பை நிமிர்த்த உள்தொடையின் பெரிய தசையும் வலுவாகத் துணைக்கு வருகிறது. அது இழுக்கும்போது தொடையைக் கூடவே உள்ளேயும் இழுத்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். பெரும் எடை தூக்கும் தேர்ந்த வீரர்களிடம்கூட இந்தச் சிறு சாய்வு தெரிவதுண்டு. குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால் உள்ளே மடிவதைத் தசைநார்க் காயத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள், ஆனால் அந்த வேகமும் அதிர்ச்சியும் வேறு. மெதுவான, வலியில்லாத ஸ்குவாட்டில் தெரியும் இரண்டு விரல் சாய்வுக்கு அதே அச்சத்தை அப்படியே பொருத்துவது நியாயமாகாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். இருந்தும், இடுப்புத் தசை என்று நான் அவசரப்பட்டுச் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருந்திருக்குமோ, கணுக்காலைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் அதைக் கைவிட்டுவிட்டேனோ என்ற எண்ணமும் அந்த ஐந்தாவது முறையோடு சேர்ந்தே எழுந்தது.

செட் முடிந்ததும் அவர் கேட்டார், "உள்ள போச்சா சார்?"

"கொஞ்சம்."

"சரி பண்ணணுமா?"

பண்ண வேண்டும் என்றால் எடையைக் குறைக்க வேண்டும், வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று விளக்க வேண்டும். அவரை முழங்காலைப் பார்த்தே பயப்படப் பழக்கியவன் நான். இப்போதும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவர் தலை ஒரு கணம் குனிந்துதான் நிமிர்கிறது. "வலி இருக்கா?" என்றேன். இல்லை என்றார். "அடுத்த செட் பாக்கலாம்" என்றேன்.

அடுத்த செட்டுக்கு நான் அவருக்கு முன்னால் நிற்கவில்லை, பக்கவாட்டில் போய் நின்றேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முதுகின் கோணமும் இறங்கும் ஆழமும் நன்றாகத் தெரியும். முழங்கால் உள்ளே போவது மட்டும் தெரியாது.