ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை

அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது. கல்லூரியில் சேர மருத்துவச் சான்றிதழ் வாங்க வந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 122 இருந்தது. அம்மாவுக்கும் சர்க்கரை, தாத்தாவுக்கும் சர்க்கரை. ‘குடும்பச் சொத்து’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மெட்ஃபார்மின் எழுதினேன். நம் ஊரில் யார் வீட்டில்தான் சர்க்கரை இல்லை? அதனால்தான் குடும்ப வரலாறு என்ற தடயத்தை நாங்கள் எளிதில் தவறவிடுகிறோம்.

ஆறு மாதத்தில் மாத்திரையை இருமடங்காக்கினேன். சர்க்கரை 120. எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரி முன்பும் 6.4 சதவீதம், இப்போதும் 6.4. “சோறு குறைக்கிறாயா?” என்று கேட்டேன். அம்மா முந்திக்கொண்டார்: “ராத்திரி ரெண்டு இட்லிதான் டாக்டர் சாப்பிடுறா. இதுக்கு மேல என்னத்தைக் குறைக்க?” பெண்ணின் எடை 46 கிலோ. கழுத்துக்குப் பின்னால் இன்சுலின் எதிர்ப்பைக் காட்டும் கருமையும் இல்லை.

அடுத்த முறை அம்மா ஒரு ஜவுளிக்கடைப் பை நிறைய பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவந்தார். பதினோரு வயதில் காய்ச்சலுக்கு எடுத்தது 118. பதினான்கில் 121. மருந்துச் சீட்டின் பின்புறம் வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 118, 121, 122, 120. டைப் 1 ஆக இருந்தால் இத்தனை வருடத்தில் சர்க்கரை எங்கோ போயிருக்கும். டைப் 2 ஆக இருந்தாலும் மெல்ல ஏறியிருக்கும், மருந்துக்கு இறங்கியிருக்கும். இதுவோ கோடு கிழித்த மாதிரி நிற்கிறது.

குளுக்கோகைனேஸ் என்ற நொதியின் மரபணுவில் மாற்றம் இருந்தால்தான் சர்க்கரை இப்படி நிற்கும். கணையத்தின் பீட்டா செல்லுக்கு ‘இப்போது இன்சுலின் விடு’ என்று அளவு பார்த்துச் சொல்வது அந்த நொதி. மாடித் தொட்டியின் மிதவையைக் கொஞ்சம் உயர்த்திப் பொருத்தினால் தண்ணீர் சற்று மேலே போய் நிற்கும். ஆனால் கட்டாயம் நிற்கும், வழியாது. மருந்தால் அளவை இறக்கப் பார்த்தாலும் உடம்பு தன் கோட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய்விடும். அதனால்தான் என் மாத்திரை தோற்றது.

ஆனால் சந்தேகம் வந்ததும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட முடியாது. அதற்குச் செலவு அதிகம். எல்லோருக்கும் எடுத்தால், பொருள் விளங்காத மரபணு மாற்றம் எதையாவது சொல்லிக் குழப்பவும் செய்யும். முதலில் மலிவான வேலைகளை முடித்தேன். குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 150. அதாவது 30 தான் ஏறியது. இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்றம் 54-ஐத் தாண்டாது. டைப் 1-ஐக் காட்டும் எதிர்ப்பொருட்கள் எதுவும் இல்லை. ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்தேன்; இரும்புச்சத்துக் குறைந்தால் மூன்று மாதச் சராசரி பொய்யாக உயர்ந்து நிற்கும். அதுவும் இல்லை.

பிறகு வீட்டில் எல்லோருக்கும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னேன். அம்மா 127, தாத்தா 131, அப்பா 92, தம்பி 86. வெறும் வயிற்றில் சுமார் 100 முதல் 145 வரை, வருடக்கணக்கில் அசையாமல், மூன்று மாதச் சராசரி 7.6-க்குள், பெற்றோரில் ஒருவருக்கும் அதே சாயல். இந்த இடத்தில்தான் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கலாம். உணவுக்குப் பின் 230 என்று தாவினாலோ, வருடத்துக்கு வருடம் ஏறினாலோ நான் வேறு காரணம் தேடுவேன். ஒற்றை மரபணு நீரிழிவிலேயே எச்என்எஃப்1ஏ என்ற இன்னொரு வகை அப்படித்தான் நடந்துகொள்ளும். அது கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சிகிச்சை கட்டாயம். இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்தை நிறுத்தினால் ஆபத்து.

முடிவு வந்தது: குளுக்கோகைனேஸ் மரபணுவில், நோய்க்குக் காரணம் என முன்பே அறியப்பட்ட மாற்றம். மெட்ஃபார்மினை நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்துச் சராசரி அதே 6.4.

அம்மா முதலில் கேட்டது கல்யாணத்தைப் பற்றி. கர்ப்பத்தைப் பற்றி நானே எடுத்துச் சொன்னேன். பிள்ளைக்கு இந்த மாற்றம் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. போயிருந்தால் அதுவும் அம்மாவின் கோட்டிலேயே அளவாக வளரும். போகாவிட்டால் அம்மாவின் கூடுதல் சர்க்கரைக்கு இன்சுலினை அதிகம் சுரந்து பருத்துவிடும். ஸ்கேனில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவைப் பார்த்து இன்சுலின் வேண்டுமா என்று முடிவு செய்வோம். இதைச் சொன்னதும் அவர் சட்டென்று நிமிர்ந்தார். “இவ 2 கிலோ 700 டாக்டர். தம்பி 4 கிலோ 100. அன்னைக்கு என்னைத்தான் எல்லாரும் வாயைக் கட்டலைன்னு திட்டினாங்க.”

அவருக்கும் அதே மாற்றம் உறுதியானபின் அவர் மாத்திரைகளையும் நிறுத்தினோம். வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வயதும் எடையும் ஏறினால் டைப் 2 இவர்களுக்கும் வரலாம். தாத்தாவிடம் மட்டும் பேச்சு எடுபடவில்லை. “முப்பது வருஷமா சீனி போடாத காப்பி குடிக்கேன், இனிமே போட்டா இனிக்கவா போகுது” என்று கிளம்பிவிட்டார்.