‘பேக்ரவுண்ட் அப்புறம் போட்டுக்கலாம்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க: கிரீன் ஸ்கிரீன் ஸ்கிரிப்ட் அனுபவம்

ஒரு சொட்டுநீர்ப் பாசன கம்பெனிக்கு ட்ரெயினிங் வீடியோ. அவங்க ஆபீஸ்லயே வேலை பாக்குற ஒரு மேடம் நின்னு பேசுவாங்க, பின்னாடி தோட்டம், பக்கத்துல தொட்டியிலருந்து செடி வரைக்கும் தண்ணி போற படம். எனக்கு வந்த ஆர்டர், “நீங்க தமிழை மட்டும் சரி பண்ணிக் குடுங்க, மத்ததை ஸ்டுடியோல பாத்துப்பாங்க”. பேக்ரவுண்ட் படம் எங்கன்னு ஸ்டுடியோக்காரர்கிட்ட கேட்டேன். “பச்சைத் துணி எதுக்கு இருக்கு சார், எடுத்துட்டு அப்புறம் எதை வேணா போட்டுக்கலாம்”னாரு. அந்த ஒரு வார்த்தையில ஒரு ஷூட்டே போச்சு, வாடகையும் போச்சு, இன்னும் எரியுது.

கம்பெனி குடுத்த டாக்குமென்ட்ல “இடது பக்கம் காட்டவும்”னு இருந்துச்சு. யாரோட இடது? எழுதினவர் மனசுல இருந்தது டிவி பாக்குறவனோட இடது, அந்தப் பக்கம்தான் டிசைனரும் படம் போட்டாரு. மேடம் நியாயமா அவங்க இடது கையை நீட்டிட்டாங்க. கேமராவைப் பாத்து நிக்கிற ஆளோட இடது கை ஸ்கிரீன்ல வலது பக்கம்தானே வரும். எடிட்ல பாத்தா படம் ஒரு பக்கம் கிடக்கு, மேடம் வெறும் வாழைத்தோப்பைக் காட்டி “இதுதான் மணல் வடிகட்டி”ங்கிறாங்க.

எடிட்டர் சமாளிக்கிறேன்னு மேடத்தை மட்டும் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டாரு. கை சரியாப் போச்சு. கம்பெனி ஓனர் ஒரு செகண்ட்தான் பாத்திருப்பாரு, “ஏங்க, மேடம் முந்தானைய வலது தோள்லயா போட்டிருக்காங்க?” அதோட கதை முடிஞ்சுது. சட்டையா இருந்தாலும் பாக்கெட் வலது பக்கம் வந்து காட்டிக் குடுத்துரும்.

இதுக்கு மேல பேக்ரவுண்ட் வேற. அவங்க அனுப்பினது ட்ரோன் போட்டோ, தோட்டம் கீழ விரிஞ்சு கிடக்கு, மேடம் அதுக்கு மேல மிதக்கிறாங்க. கேமரா லென்ஸ் தரையிலருந்து 5 அடி உயரத்துல இருந்துச்சுன்னா, சமதரைத் தோட்டத்துல நிக்கிற எல்லார் உடம்புலயும் தொடுவானம் அந்த 5 அடி உயரத்துலதான் வெட்டணும், அதாவது கிட்டத்தட்ட கண்ணு மட்டத்துல. ட்ரோன் படத்துல அது எங்கயோ மேல போயிடும், இல்லன்னா ஃப்ரேம்லயே இருக்காது. என்ன எடிட் பண்ணாலும் அது ஒட்டாது.

அதனால மறு ஷூட்டுக்கு ஒரு கண்டிஷன் போட்டேன்: பேக்ரவுண்டும் படமும் பைனல் ஆகி கைக்கு வராம ஒரு வரி எழுத மாட்டேன். கொஞ்சம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டாங்க, ஆனா குடுத்துட்டாங்க. போட்டோவை தோட்டத்துக்கே போய் 5 அடி உயரத்துல ஸ்டாண்ட் வச்சு, வெயில் ஸ்கிரீன் இடது பக்கத்துலருந்து விழற நேரமா பாத்து எடுத்தாங்க. அந்தத் திசை ஸ்கிரிப்ட்லயே ஏறிடுச்சு, ஏன்னா ஸ்டுடியோ மெயின் லைட்டும் அதே பக்கத்துலருந்து வரணும்.

ஸ்கிரிப்டை நாலு காலம் உள்ள டேபிளா போட்டேன்: பேச்சு, நிக்கிற இடம், பின்னணி, பார்வை. முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல, “இடது வலது எல்லாம் ஸ்கிரீனைப் பாக்குறவருக்கு”னு ஒரு வரி. மேடத்துக்கு மட்டும் இடது வலதே கிடையாது, “ஜன்னல் பக்கம்”, “கதவுப் பக்கம்”. ஸ்டுடியோல எது எங்க இருக்குன்னு அவங்க கண்ணுக்குத் தெரியும், குழப்பமே இல்ல. ஒரு வரிசை இப்படி இருந்துச்சு:

பேச்சு: “தொட்டியிலருந்து வர்ற தண்ணி மொதல்ல இந்த மணல் வடிகட்டிக்குள்ள போகுது.”
இடம்: ஸ்கிரீன் இடது மூணுல ஒரு பங்கு, இடுப்புக்கு மேல ஷாட், தரையில டேப் நம்பர் 1, கதவுப் பக்கத்துக் கை.
பின்னணி: தோட்டம், லேசா மங்கல். படம் வலது மூணுல ரெண்டு பங்கு, வடிகட்டி மேடத்தோட நெஞ்சு உயரத்துல.
பார்வை: “தண்ணி” வரைக்கும் லென்ஸ். “மொதல்ல”ன்னதும் நீல டேப். “வடிகட்டிக்குள்ள”ன்னதும் கை. “போகுது”க்கு முன்னாடி லென்ஸுக்குத் திரும்பணும்.

கண்ணு முதல்ல, கை அப்புறம். கை முந்திப் போனா ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். கடைசி வார்த்தைக்குள்ள லென்ஸுக்கு வரலன்னா அடுத்த வரியை வெட்டி ஒட்ட முடியாது.

நீல டேப் என்னன்னு சொல்றேன், எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்த விஷயம் இதுதான். பச்சைத் துணி முன்னாடி நிக்கிற ஆளுக்குப் படமே தெரியாது, சும்மா “அங்க பாருங்க”ன்னா ஒவ்வொரு டேக்லயும் கண்ணு ஒவ்வொரு இடத்துக்குப் போகும். அதனால கேமராவை லேப்டாப்ல போட்டு, ஓபிஎஸ்ங்கிற வீடியோ சாஃப்ட்வேர்ல பச்சையை நீக்குற `Chroma Key` ஃபில்டர் வச்சு, பேக்ரவுண்டோட சேத்து டிவில ஓட விட்டோம். ஒரு பையன் குச்சியை நீட்டி, டிவில அது வடிகட்டி மேல விழற வரைக்கும் நகத்தினான். பிடிச்ச இடம் மேடத்துக்கு ஒரு அடி முன்னாடி, கேமரா பக்கமா. அவங்க தோள் வரிசையிலயே வச்சா முழுசாத் திரும்பி காது மட்டும்தான் தெரியும். அப்புறம் மேடம் கண்ணு பக்கத்துலருந்து ஒரு நூலைப் பிடிச்சு, குச்சி முனை வழியா ஃப்ரேமுக்கு வெளிய வரைக்கும் இழுத்து, அது முடியிற இடத்துல ஒரு லைட் ஸ்டாண்டை நிறுத்தி டேப் ஒட்டினோம். தொட்டிக்கு சிவப்பு, வடிகட்டிக்கு நீலம், கீழ ஓடுற குழாய்க்கு வெள்ளை. ஸ்டாண்ட் ஃப்ரேம்ல வராது, பார்வை மட்டும் கரெக்டா படத்து வழியாப் போகும். ஆனா மேடம் நிக்கிற டேப்லருந்து நகந்தா இது எல்லாம் வீண், அதான் இடத்துக்குன்னு தனிக் காலம்.

அந்த டிவியை மேடம் பாக்குற மாதிரி வச்சா `Flip Horizontal` போட்டு மொத்தத்தையும் திருப்பி விடுங்க, எழுத்து கண்ணாடில தெரியிற மாதிரி இடம் வலம் மாறி வந்தாலும் பரவால்ல, ரெக்கார்டிங் கேமராவுலதான் ஓடுது. திருப்பலன்னா கையை எந்தப் பக்கம் கொண்டு போறதுன்னு தடுமாறிடுவாங்க. ரிகர்சல் முடிஞ்சதும் டிவியை அணைச்சிருங்க, இல்லன்னா நிமிஷத்துக்கொரு தடவை தன்னையே பாத்துக்குவாங்க, யாரா இருந்தாலும்.

டெலிப்ராம்ப்டருக்குப் பேச்சுக் காலத்தை மட்டும் தனி ஃபைலா குடுங்க. ஸ்டுடியோ பையன் முழு ஸ்கிரிப்டையும் ஏத்திட்டான், மேடம் கம்பீரமா “நீல டேப், கதவுப் பக்கத்துக் கை”னு படிச்சிட்டாங்க. எல்லாரும் சிரிச்சு ஓய கொஞ்ச நேரம் ஆச்சு.

பச்சைப் பார்டர் புடவை வேண்டாம்னு சொல்லியிருந்தேன், கம்பெனி யூனிஃபார்மே பச்சைன்னு அங்க வந்து சொல்றாங்க. மெரூன்ல ஒண்ணு கடன் வாங்கினோம். துணிக்கும் ஆளுக்கும் ஆறேழு அடி இடைவெளி விட்டாச்சு, பின்னாடி தோட்டமே பச்சைங்கறதால முடி ஓரத்துல மிச்சம் இருந்த துணியோட பச்சைச் சாயலும் கண்ணுல படல. ஷூட் சீக்கிரம் முடிஞ்சுது.

எடிட் போய்க்கிட்டு இருக்கும்போது கம்பெனிலருந்து போன், “வடிகட்டியை கொஞ்சம் மேல தள்ளிட்டு அங்க லோகோ வச்சிரலாமா?” அவங்களே கையெழுத்துப் போட்ட ஸ்கிரிப்ட்ல அந்த வரிசையை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல அனுப்பினேன், வடிகட்டி நகந்தா மேடம் கண்ணும் கையும் நகராது, திரும்ப ஷூட் பண்ணணும், செலவு உங்களோடதுன்னு. லோகோ இப்ப மேல இடது மூலையில இருக்கு.