பிள்ளையின் மூச்சு: தக்கலை வீட்டு நாட்குறிப்பு

ஜூன் 11

மழை விட்டும் விடாமலும் பெய்கிறது. பிள்ளைக்கு நேற்றோடு மூன்று மாதம். மூன்றாவது வாரத்திலிருந்தே தூங்கும்போது குறட்டை மாதிரி ஒரு சத்தம் உண்டு. "மூக்கடைப்பு மக்களே, சளி இறங்கினா சரியாயிரும்" என்று மாமி சொன்னார்கள். உப்புநீர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். மூக்கில் சளியே இல்லை, சத்தமும் குறையவில்லை. இன்று ராத்திரி சத்தம் திடீரென்று நின்றது. பிறகு ஒரு விம்மலோடு மறுபடி மூச்சு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு உறக்கமே இல்லை.

ஜூன் 12

மைனி மார்த்தாண்டத்தில் நர்ஸ். காலையிலேயே போன் பண்ணினேன். "மூச்சு நிக்கும்போது நெஞ்சும் நிக்குதா, இல்ல நெஞ்சு அசைஞ்சுகிட்டே இருக்கா?" என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்புறம் பொறுமையாக விளக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் ஐந்து, பத்து விநாடி மூச்சை நிறுத்திவிட்டு, வேகமாகச் சில மூச்சு விட்டு, மறுபடி நிறுத்துவது சகஜம். அப்போது நெஞ்சும் வயிறும் அமைதியாக இருக்கும், நிறம் மாறாது, தானாகவே சரியாகிவிடும். முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் இது போய்விடும். நெஞ்சு இழுத்து இழுத்துப் போராடியும் காற்று போகாமல் இருந்தால் அது வேறு. அது வழி அடைபடுவது. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலோ, பிள்ளை துவண்டாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 13

எங்கள் வீட்டில் பிள்ளை தூங்குவது சேலைத் தொட்டிலில். அதில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் போய் ஒட்டும், மூச்சுவழி இன்னும் குறுகிவிடும் என்று மைனி சொன்னதால் தட்டையான பாயில் மல்லாத்திப் போட்டேன். மாமிக்கு மனசே இல்லை. "தொட்டில் இல்லாம பிள்ளை உறங்குமா?" என்றார்கள். உறங்கியது.

கழுத்துக்குக் கீழ் உடுப்பைத் திறந்துவிட்டு, விளக்கைப் போட்டு, செல்போனில் மூன்று நிமிடம் வீடியோ எடுத்தேன். பாயில் போட்ட பிறகு நிறுத்தங்கள் குறைந்தன, முற்றிலும் போகவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தொண்டைக்குழியும் விலா எலும்பின் அடியும் உள்ளே குழிந்தன. நீளமானது 9 விநாடி. நேரம் சின்னதுதான், ஆனால் நெஞ்சு போராடுவது தெளிவாகத் தெரிந்தது. பிள்ளை தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவதும், தலை வேர்ப்பதும் பழக்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

யாரோ சொன்னார்கள் என்று மாமி விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வாங்கி வந்தார்கள். அது பெரியவர்களின் விரலுக்கானது, பிள்ளையின் விரலில் நிற்காது, காட்டுகிற எண்ணையும் நம்ப முடியாது. பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 16

நாகர்கோவிலில் குழந்தை டாக்டர். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். அவரை அதிகம் யோசிக்க வைத்தது எடைதான். பிறந்தபோது 2.9 கிலோ, இரண்டாம் மாதம் 4.1, இன்று 4.4. ஒரு மாதத்தில் 300 கிராம்தான் ஏறியிருக்கிறது. மூச்சுக்குப் போராடுவதிலேயே குடித்த பால் செலவாகிறது என்றார். பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். ஆமாம், அதுவும் உண்டு.

"குறட்டை மட்டும் இருந்து, எடை ஏறி, நல்லா பால் குடிச்சா கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இங்க அப்படி இல்ல" என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்.

ஜூன் 18

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். மயக்க மருந்து இல்லை. நூல் போன்ற கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பிள்ளை அழுதது, நானும்தான். குரல்வளைக்கு மேலே உள்ள குருத்தெலும்பு இன்னும் இளசாக இருக்கிறது, மூச்சை உள்ளிழுக்கும்போது அது மடிந்து வழியை மறைக்கிறது. லாரிங்கோமலேசியா என்று பெயர். சத்தம் நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் கூடலாம், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் தானே போய்விடும்.

பால் கொடுத்ததும் அரைமணி நேரம் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். எதுக்களிப்பு தொண்டையை வீங்க வைத்து அடைப்பைக் கூட்டுமாம். கவிழ்த்துப் போட்டால் சத்தம் குறைகிறதே, அப்படித் தூங்க வைக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது, தூக்கத்திலேயே திடீர் மரணம் வரும் ஆபத்து கூடும் என்றார். எடை ஏறாததால் ராத்திரி தூக்கப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 9

திருவனந்தபுரத்தில் ஒரு ராத்திரி. தலையில் ஒட்டிகள், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், காலில் சிவப்பு விளக்கு, மூக்கில் சின்னக் குழாய். முகத்தைச் சொறிய விடாமல் விடிய விடியக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்துவிட்டது. மணிக்குச் சராசரியாக நான்கு முறை அடைப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் 91 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. லேசானது, இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள். எடை நின்றுபோனாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே வரவேண்டும். இன்று எடை 4.95 கிலோ. அடுத்த தேதி ஆகஸ்ட் 6. சேலைத் தொட்டிலை மாமியே அவிழ்த்து மடித்து வைத்துவிட்டார்கள்.