கையில இருந்த கார்ட் யாரோடது

கிளைல கார்ட் கவுண்டர்ல உக்காந்து பல வருஷம் ஆச்சு, ஏடிஎம்ல கார்டை மாத்தி ஏமாத்தின கேஸ் நெறைய பார்த்துட்டேன், ஆனா எனக்கு இன்னும் மனசு ஆறாத கேஸ் ஒண்ணு தான், ஏன்னா அதுல நானும் ஒரு தப்பு பண்ணேன்.

சாயங்காலம் 5.10 இருக்கும், கிளைக்கு ஒரு போன். வயசான குரல், ரிட்டயர் ஆன மனுஷர். "ஏம்மா, மருந்து கடைல என் கார்டை தேய்ச்சா எடுக்க மாட்டேங்குது, பேங்க்ல கேளுங்கன்னு வருது, மத்தியானம் ஏடிஎம்ல ஒரு பையன் ஹெல்ப் பண்ணான், எனக்கு என்னமோ பயமா இருக்கு, கார்டை நிறுத்திடுங்க"ன்னார். சரி சார், கார்ட் நம்பர் சொல்லுங்கன்னேன். அவரும் கண்ணாடிய போட்டுட்டு பதினாறு நம்பரையும் நிதானமா படிச்சார். நான் பிளாக் பண்ற ஸ்க்ரீன்ல போட்டேன், ஏற்கனவே பிளாக் ஆன கார்டுன்னு வந்தது. அந்த ஸ்க்ரீன்ல ஸ்டேட்டஸ் மட்டும் தான் தெரியும், பேர் பாக்கணும்னா வேற ஸ்க்ரீன் போகணும். வீட்ல யாரோ கால் சென்டருக்கு போன் பண்ணி பிளாக் பண்ணியிருப்பாங்கன்னு நானா முடிவு பண்ணிட்டு, "ஏற்கனவே பிளாக் ஆயிடுச்சு சார், பயப்படாதீங்க"ன்னு சொல்லி வச்சிட்டேன்.

அவர் படிச்சது அவரோட கார்டே இல்ல.

மறுநாள் காலைல கிளை திறந்ததும் வந்து நின்னார், பாஸ்புக்கை என்ட்ரி போட்டா வரிசையா எடுப்பு. கார்டை வாங்கி திருப்பி பார்த்தேன், பின்னாடி வெள்ளை பட்டைல ஒரு கையெழுத்து, கடைசில வால் மாதிரி வளைஞ்சு போகுது, பாஸ்புக்ல இருந்த அவர் கையெழுத்து நேர் நேரா இருக்கு. முன்பக்கம் பேர் கிடையாது, ஏன்னா உடனடியா கொடுக்கற கார்டுல எங்ககிட்ட பேர் அச்சடிக்கறது இல்ல. அதே பேங்க், அதே கலர், அதே டிசைன். அவர் எப்படி கண்டுபிடிப்பார்?

அன்னைக்கு முழுக்க மெஷினோட பதிவை எடுத்து வச்சு அவரையும் பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு நிமிஷமா கோர்த்தோம். மெஷின் பதிவுல கார்ட் நம்பர் முழுசா இருக்காது, முதல் ஆறும் கடைசி நாலும் தான், ஆனா அந்த கடைசி நாலு போதும். 4.12க்கு அவர் பணம் எடுத்திருக்கார், அது சரியா முடிஞ்சிருக்கு. அந்த மெஷின் கார்டை சொருகி உடனே உருவுற டைப், கார்டை உள்ள பிடிச்சு வச்சுக்காது. ஸ்லிப் வரல, பின்னாடி நின்ன பையன் "ஐயா உங்க கணக்கு இன்னும் ஓபன்லயே இருக்கு, இப்படியே போனா அடுத்தவன் எடுத்துருவான், திரும்ப சொருகி பின் போட்டு கேன்சல் கொடுங்க"ன்னு சொல்லியிருக்கான். அது பச்சைப் பொய். சொருகி உருவுற மெஷின்ல கூட அடுத்த எடுப்புக்கு மறுபடி கார்டும் பின்னும் கேக்கற மாதிரி எங்க மெஷின்ல செட்டிங் இருக்கு. ஆனா அக்கறையா சொல்ற மாதிரி சொன்னா யார் தான் நம்பாம இருப்பாங்க. 4.14க்கு ரெண்டாவது தடவை சொருகினது பதிவுல இருக்கு, பேலன்ஸ் பாத்திருக்கு. பின்னை பாக்கறதுக்கும், கணக்குல எவ்ளோ இருக்குன்னு பாக்கறதுக்கும் அந்த ஒரு தடவை போதும். கார்டை அவன் தான் உருவி, சட்டைல துடைச்சு, கைல கொடுத்திருக்கான். துடைக்கற அந்த ஒரு செகண்ட்ல தான் கார்ட் மாறியிருக்கு.

4.31ல இருந்து அஞ்சு நிமிஷத்துக்குள்ள வேற மெஷின்ல மூணு எடுப்பு, அன்னைய லிமிட் காலி. 6.20க்கு ஒரு கடைல தேய்ச்சிருக்கான், ஏடிஎம் லிமிட் வேற, கடை லிமிட் வேற, அது அவனுக்கு நல்லா தெரியும். அப்புறம் ராத்திரி 12.03க்கு திரும்ப மெஷின், தேதி மாறினா லிமிட் புதுசா ஆரம்பிக்கும்ல. இவருக்கு மெசேஜ் வரலையான்னு கேட்டா, கணக்குல இருந்தது மகன் நம்பர், மகன் அப்பா தான் எடுக்கறார்னு நெனச்சு விட்டுட்டார். 5.10க்கு நான் கணக்கு நம்பரை கேட்டிருந்தா 6.20ம் நடந்திருக்காது, 12.03ம் நடந்திருக்காது. அதை அவர்கிட்டயே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "நீயும் நான் படிச்சத நம்பிட்டம்மா"ன்னார்.

அந்த வளைஞ்ச கையெழுத்து கார்ட் ஒரு அம்மாவோடது, இன்னொரு கிளை கஸ்டமர். ஒன்பது நாள் முன்னாடி அவங்களும் இதே மாதிரி ஏமாந்து, அவங்க ஒழுங்கா பிளாக் பண்ணியிருக்காங்க. ஒருத்தர்கிட்ட எடுத்த கார்ட் காலியானதும் அடுத்த ஆளுக்கு கொடுக்கற டம்மி ஆயிடுது. அந்த அம்மா கைல மூணாவது ஆளோட கார்ட் இருந்திருக்கு, எதுக்கும் ஆகாதுன்னு கத்தரிச்சு குப்பைல போட்டுட்டாங்க. அந்த ஆள் யாருன்னே தெரியாம போச்சு.

புகார் கொடுத்தப்ப முதல்ல மேல இருந்து வந்த பதில், சிப் சரி, பின் சரி, கஸ்டமர் தான் எடுத்திருக்கார். மெஷின் பதிவை மட்டும் பார்த்தா அப்படி தான் தெரியும், 00ன்னு ஓகே கோட் விழுந்திருக்கும். எங்களுக்கு கை கொடுத்தது மருந்து கடை தான். 4.50க்கு அங்க தேய்ச்சது அந்த அம்மா கார்ட் நம்பர்ல 41ன்னு ரிஜக்ட் ஆயிருக்கு, 41ன்னா தொலைஞ்ச கார்ட். இவர் கணக்குல தேடினா அது கிடைக்கவே கிடைக்காது, அந்த அம்மா கணக்குல தான் இருக்கு. கடைல பில்லும் இவர் பேர்ல. அதாவது அவர் கார்டால யாரோ பணம் எடுத்துட்டு இருந்த அதே சாயங்காலம், அவர் கைல வேற ஒருத்தர் கார்ட் இருந்ததுக்கு சாட்சி. இதையும் என் 5.10 போனையும் நானே எழுதி கையெழுத்து போட்டு அனுப்பினேன். போனுக்கு அப்புறம் போனது அவர் கணக்குக்கு திரும்பி வந்தது. 4.31 எடுப்பு வரல.

டம்மி கார்ட் பிளாக் ஆகாததா இருந்தா கதை வேற மாதிரி போகும். பின் தப்புன்னு வரும், நமக்கு தான் மறந்துடுச்சுன்னு மூணு தடவை போடுவாங்க, லாக் ஆகும், நாளைக்கு பேங்க்ல கேப்போம்னு தூங்கிருவாங்க. வழக்கமா போடற பின் திடீர்னு தப்புன்னு வந்தா அன்னைக்கே கார்டோட கடைசி நாலு நம்பரை பழைய ஸ்லிப்போட ஒத்து பாருங்க.

இப்ப போன் வந்தா நான் கார்ட் நம்பர் கேக்கறதே இல்ல. கணக்கு நம்பர் இல்லன்னா பதிஞ்ச போன் நம்பர், பேரை கேட்டு சரி பார்த்துட்டு அதுல இருக்கற எல்லா கார்டையும் நிறுத்திட்டு, அப்புறம் தான் "கைல இருக்கறதோட கடைசி நாலு சொல்லுங்க"ம்பேன். ஒத்து வரலைன்னா, அதை வெட்டாதீங்க, ஒரு கவர்ல போட்டு அப்படியே எடுத்துட்டு வாங்கன்னு சொல்வேன். போன மாசம் அப்படி ஒரு கவர் வந்தது, பிளாக் ஆகாத கார்ட், அதோட சொந்தக்காரருக்கு நான் தான் போன் போட்டேன். அவர் பாக்கெட்ல இருந்து ஒரு கார்டை எடுத்து கடைசி நாலு படிச்சார். அவரோடது இல்ல.