ஏழு நிமிட அழைப்பும் இரண்டு நிமிடப் பதிவும்

என் கிரெடிட் கார்டு கணக்கில் ஏதோ ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்காக 2,499 ரூபாய் எடுக்கப்பட்டிருப்பதை மாதப் பட்டியலில் கண்டு, வங்கியின் கால் சென்டரைக் கேட்டபோது, “தொலைபேசியில் நீங்கள் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள், பதிவு இருக்கிறது” என்றார்கள். விவரத்தை அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டுமே நான் கூறியதாக எனக்கு நினைவு. எது உண்மை என்பதை அந்தப் பதிவே காட்டிவிடும் என்பதால், அதன் நகலைக் கேட்டு எழுத முடிவு செய்தேன்.

எழுதும் முன் கைபேசியின் அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து வைத்தேன். பழைய அழைப்புகள் நாளடைவில் அந்தப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். இந்தப் படம்தான் பின்னர் எனக்குக் கை கொடுத்தது.

புகார் எண்ணைக் குறிப்பிட்டு, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் கடிதம் அனுப்பினேன். அதன் முக்கியப் பகுதி இது: “அன்று காலை 11.42 மணிக்குத் தங்கள் எண்ணிலிருந்து எனக்கு வந்து, 7 நிமிடம் 12 விநாடி நீடித்த அழைப்பின் பதிவை, தொடக்கம் முதல் இறுதி வரை வெட்டாமல், ஒலிக்கோப்பாக அனுப்பக் கோருகிறேன். உரையாடலின் எழுத்து வடிவம் அதற்கு ஈடாகாது. இந்தப் புகார் தீரும்வரை அப்பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும் வேண்டுகிறேன்.” கோபத்தைக் காட்டும் இரண்டு பத்திகளை முதல் வரைவில் எழுதியிருந்தேன், அவற்றை நீக்கியபின் கடிதம் ஒரே பக்கத்தில் அடங்கியது.

பன்னிரண்டாம் நாள் வந்த பதிலில், நகல் தருவது தங்கள் நடைமுறையில் இல்லை என்றும், கிளைக்கு வந்தால் கேட்கலாம் என்றும் இருந்தது. சென்றேன். அவர்கள் ஒலிக்கவிட்டது 1 நிமிடம் 50 விநாடி மட்டுமே. அதில் என் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்த பிறகு, “சரிங்களா?” என்று கேட்கும் குரலுக்கு நான் “சரி” என்கிறேன். எதற்குச் சரி என்பது அதில் இல்லை. விலையும் இல்லை, திட்டத்தின் பெயரும் இல்லை.

அங்கேயே அமர்ந்து, கேட்ட பதிவின் நீளத்தையும் என் கைபேசி காட்டும் நீளத்தையும் ஒரு தாளில் எழுதி, கிளை முத்திரையுடன் நகல் பெற்றேன். மீதி எங்கே என்று கேட்ட இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பதால், இரண்டு கடிதங்கள், ஒப்புகை அட்டைகள், அழைப்புப் பட்டியலின் படம், முத்திரையிட்ட தாள் ஆகியவற்றை இணைத்து cms.rbi.org.in தளத்தில் பதிவு செய்தேன்.

மூன்று வாரத்தில் 2,499 ரூபாய் திரும்ப வந்தது. “நல்லெண்ண அடிப்படையில்” தருவதாக வங்கியின் கடிதம் கூறியது. மீதி 5 நிமிடம் 22 விநாடியை இன்றுவரை எனக்கு யாரும் கேட்கத் தரவில்லை.